சதுர அடி ஆயிரத்து ஐம்பது

(மதுரை. மாமா வீட்டுத் திண்ணை. மருமகனுக்குப் பிளைவுட் கடையில் வேலை.)

மாமா: வாடா மாப்ள! பீரோ அலமாரிக்கு ஆசாரி சதுர அடி 1,400 சொன்னான். பேசிப் பேசி 1,050-க்கு இறக்கிட்டேன். ஏழுக்கு ஏழு, 49 அடி. 17,150 ரூபா மிச்சம்!

மருமகன்: சீட்டைக் காட்டுங்க மாமா. "பிளை நல்லது, மைக்கா நல்லது, கீல் நல்லது." எல்லாமே நல்லதுதான். என்ன பிளைன்னு எழுதலையே?

மாமா: நல்லதுன்னு எழுதியிருக்கான்ல!

மருமகன்: சரி, முகப்பு 49 அடி. உள்ளே எத்தனை அடி பலகை போகும்?

மாமா: 49-தான்!

மருமகன்: கதவுக்கு மட்டும்தான் 49. பக்கப்பலகை ரெண்டு, நடுப்பலகை ஒண்ணு, மேல் கீழ், எட்டுத் தட்டு. எல்லாம் ரெண்டடி ஆழம், மொத்தம் 126. கதவோட சேர்த்தா 175. வெட்டுச் சேதாரத்தோட எட்டுக்கு நாலு ஷீட் ஆறு வேணும், 192 அடி. முதுகுப்பலகை தனி. அதாவது முகப்புல ஒரு அடிக்கு உள்ளே நாலடி பிளை. பிளையில அடிக்கு 35 ரூபா குறைச்சா உங்க ரேட்டுல ஏறக்குறைய 140 இறங்கிடும்.

மாமா: அப்போ அவன் மனசு இறங்கலையா?

மருமகன்: பிளைதான் இறங்கியிருக்கு. மெரைன்ல இருந்து கமர்ஷியலுக்கு.

மாமா: கமர்ஷியல் கெட்டதா?

மருமகன்: காஞ்ச சுவர்னா தாராளமாப் போடலாம், அதுக்கேத்த ரேட்டு இருந்தா போதும். உங்க அலமாரி எந்தச் சுவர்ல?

மாமா: பாத்ரூம் சுவர்ல... லேசா ஓதம் உண்டு.

மருமகன்: அங்கே மெரைன்தான். IS 710-ன்னு ஷீட்டுல முத்திரை இருக்கும், கூடவே ISI குறியும் CM/L எண்ணும். 72 மணி நேரம் கொதிக்க வச்சாலும் ஒட்டு பிரியக்கூடாது.

மாமா: மூணு நாளா? சிலிண்டர் யாரு குடுப்பா?

மருமகன்: நீங்க கொதிக்க வைக்க வேணாம். அறுக்கறதுக்கு முன்னாடி முழு ஷீட்டைப் பாருங்க. அவர் காட்டுற சாம்பிள் துண்டு ஊரெல்லாம் சுத்தி வந்ததா இருக்கும். உள்ளே மைக்கா உண்டா?

மாமா: வெளியே ஒரு மில்லி. உள்ளே... "சுத்தமா இருக்கும்"னான்.

மருமகன்: பெயிண்ட்! 350-ல பெரிய பங்கு அதுவாத்தான் இருக்கும். உள்ளே ஒட்டுற பரப்பு வெளியைவிடப் பல மடங்கு. கீல்?

மாமா: கதவுக்கு ரெண்டு. சிக்கனம்!

மருமகன்: ஏழடிக் கதவுக்கு நாலு வேணும் மாமா. இல்லைன்னா சீக்கிரமே கதவு தொங்கி, கீழ்த்தட்டுல உரசும். சரி விடுங்க. சீட்டைத் திருத்தி எழுதச் சொல்லுவோம். அட்வான்ஸ் எவ்வளவு?

மாமா: முழுசும்.

மருமகன்: மாமா!

மாமா: கோவிச்சுக்காதே. 1,100-ல நின்னான். மொத்தத்தையும் கையில வச்சேன், உடனே 50 இறக்கிட்டான்!