ஏழு சதவீதம் யாருக்கு?

பெறுநர்:
சேமிப்புக் கணக்கு வட்டி அட்டவணையை வரைந்த அதிகாரி அவர்கள்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கி,
தலைமை அலுவலகம்.

பொருள்: எனக்கு வராத 7 சதவீத வட்டிக்கு நன்றி தெரிவித்தல்.

ஐயா,

ஹெப்பகோடியில் ஓசூர் ரோட்டோரமாக உங்கள் பேனர் கட்டியிருக்கிறீர்கள். அதில் 7 என்ற எண் ஒரு ஆள் உயரம் இருக்கிறது. அதன் தோளில் ஒரு நட்சத்திரம் உட்கார்ந்திருக்கிறது. பொம்மசந்திராவிலிருந்து ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு 7 தெரியும், நட்சத்திரம் தெரியாது. நடந்து போகிறவர்களுக்கு நட்சத்திரம் தெரியும், அது எதைச் சுட்டுகிறது என்று தெரியாது. பேனரின் அடியில் அதற்கான விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் சாக்கடை மூடியின் நிழல் விழுகிறது. இவ்வளவு பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு முதலில் என் வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளன். பெங்களூரில் 'லீஸ்' என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது, காலி செய்யும்போது அதை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. அப்படித் திரும்பி வந்த 6,00,000 ரூபாய் ஜூன் மாதக் கடைசியில் உங்கள் கையில் வந்து சேர்ந்தது. அடுத்த வீடு எப்போது அமையும் என்று தெரியாததால் டெபாசிட்டில் போடாமல் சேமிப்புக் கணக்கிலேயே விட்டேன். உங்கள் அட்டவணையும் அதைத்தான் ஊக்குவித்தது.

அட்டவணையை இங்கே எழுதிக்காட்டுகிறேன். வரைந்தவருக்கே மறந்திருக்கலாம். 1 லட்சம் வரை 3 சதவீதம். 1 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 7 சதவீதம். அவ்வளவுதான், மூன்று வரி. அழகான கட்டங்கள். கீழே ஒரே ஒரு வரி இருந்திருக்க வேண்டும், இல்லை: இந்த 7 சதவீதம் என் 6 லட்சம் முழுவதற்குமா, 5 லட்சத்தைத் தாண்டிய அந்த ஒரு லட்சத்துக்கு மட்டுமா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கவனியுங்கள். முழுத் தொகைக்கும் என்றால் வருடத்துக்கு 42,000 ரூபாய். பகுதி பகுதியாக என்றால் முதல் லட்சத்துக்கு 3,000, அடுத்த நான்கு லட்சத்துக்கு 20,000, கடைசி லட்சத்துக்கு 7,000; ஆக 30,000. ஒரு வரியை அச்சடிக்காமல் மிச்சம் பிடித்த மைக்கு 12,000 ரூபாய் விலை. இவ்வளவு விலையுயர்ந்த மை இந்தியாவில் வேறெங்கும் கிடைக்காது.

ஜூலை மாத வட்டியாக 2,548 ரூபாய் வரவு வைத்திருந்தீர்கள். அதைக் கவுன்டரில் காட்டி, எந்த ஸ்லாப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சிஸ்டமே போடுது சார்" என்றார் உங்கள் ஊழியர். அடுத்த கவுன்டர்க்காரரும் தலையை அசைத்தார். சிஸ்டம் மட்டும் அன்று விடுமுறையில் இருந்திருக்கும், நேரில் வரவில்லை. எனவே நானே கணக்குப் போட்டேன்.

சேமிப்புக் கணக்கின் வட்டி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து மிஞ்சும் இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல்தான் இந்த வழக்கம். அதற்கு முன்னால் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் கணக்கு எவ்வளவு கீழே இறங்கியதோ அந்தத் தொகைக்குத்தான் வட்டி. 29-ஆம் தேதி பணத்தை எடுத்துவிட்டு 1-ஆம் தேதி திரும்பப் போட்டவருக்கு, எடுத்த பணத்தின் மீது அந்த மாத வட்டியே கிடையாது. அந்தக் காலத்து அதிகாரிகளோடு ஒப்பிட்டால் நீங்கள் தாராளமானவர், ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் 31 நாளும் என் இருப்பு 6,00,000 தான். வட்டியை 365-ஆல் பெருக்கி, 31-ஆல் வகுத்து, 6 லட்சத்தால் வகுத்தால் உண்மையில் கிடைத்த விகிதம் தெரியும். வந்தது 5 சதவீதம். துல்லியமாக 5. அட்டவணையில் இரண்டாம் வரியில் இருக்கும் அதே 5!

பக்கத்து வீட்டு அண்ணன் காலிப் பானையைப் பார்த்ததுபோல முகத்தைச் சுளித்தார். உன்னை இரண்டாவது ஸ்லாபிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள், 7-ல் ஏற்றவேயில்லை, புகார் கொடு என்றார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 6 லட்சம் என்பது ஒரு சூனியம் வைத்த எண். பகுதி பகுதியாகக் கணக்குப் போட்டாலும் அதன் சராசரி சரியாக 5-ல் போய் விழுகிறது: 30,000 என்பது 6 லட்சத்தில் 5 சதவீதம். ஆக அந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்து, தவறான ஸ்லாப் போட்டார்களா, பகுதி பகுதியாகப் போட்டார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் புகார் கொடுக்கப் போகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். விழுந்தவரை உங்கள் ஆட்கள் 'விதிகளின்படி சரியாக உள்ளது' என்ற ஒரு வரிப் பதிலால் போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள்.

எனவே இருப்பு வேறாக இருக்கும் இன்னொரு மாதம் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் எடுத்தேன். வந்த வட்டியையும் சேர்த்து எடுத்து, 4,50,000 மட்டும் இருக்கும்படி விட்டேன். செப்டம்பர் 30 நாளும் அதே இருப்பு. மொத்தத் தொகைக்கும் 5 சதவீதம் போடுகிறீர்கள் என்றால் 1,849 ரூபாய் வரவேண்டும். பகுதி பகுதியாக என்றால் முதல் லட்சத்துக்கு 3 சதவீதம், மீதி 3,50,000-க்கு 5 சதவீதம். வருடத்துக்கு 20,500, முப்பது நாளுக்கு 1,685. பாஸ்புக்கில் 1,685 என்று அச்சாகியிருந்தது. சதவீதமாக்கினால் 4.56. உங்கள் அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இல்லாத எண். இருப்பு மாறாத மாதத்தில் அட்டவணையில் இல்லாத ஒரு விகிதம் வந்தால், அது பகுதி பகுதியாகப் போட்ட கணக்கு என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பகுதிகளைக் கூட்டிப் பார்த்து ரூபாய்க்கு ரூபாய் பொருந்தினால் சந்தேகம் தீர்ந்தது. (நடுவில் பணம் போட்டு எடுத்த மாதத்தில் இந்தச் சோதனை செல்லாது, வெவ்வேறு நாட்களின் விகிதங்கள் கலந்துவிடும். நடுவில் நீங்கள் விகிதத்தை மாற்றிய மாதத்திலும் செல்லாது. நீங்கள் அடிக்கடி மாற்றுகிறீர்கள் என்பது வேறு விஷயம்.)

ஆக உங்கள் சிஸ்டம் நாணயமானது. அது அன்றும் இன்றும் ஒரே கணக்கைத்தான் போடுகிறது. பொய் சொல்லாதது சிஸ்டம். வாயைத் திறக்காதது நீங்கள்.

இதில் நீங்கள் விதியை மீறினீர்கள் என்றும் சொல்லமாட்டேன். 2011 அக்டோபர் 25 அன்று ரிசர்வ் வங்கி சேமிப்பு வட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டது. அதுவரை நாடெங்கும் ஒரே விகிதம். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அது 3.5-லிருந்து 4 சதவீதமாகியிருந்தது. அவிழ்த்தபோது ஒரு முடிச்சை மட்டும் விட்டுவைத்தது: 1 லட்சம் வரை உள்ள இருப்புக்கு ஒரே விகிதம்தான் தரவேண்டும், அதற்கு மேல் வங்கியின் விருப்பம். உங்கள் அட்டவணை 1 லட்சத்தில் வெட்டப்பட்டிருப்பது அதனால்தான்.

பகுதி பகுதியாகக் கணக்கிடுவதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. முழுத் தொகைக்கும் என்று வைத்தால் 5,00,000 ரூபாய்க்கு 5 சதவீதம் 25,000. ஒரு ரூபாய் கூடி 5,00,001 ஆனால் 7 சதவீதம், 35,000. அந்த ஒரு ரூபாய் வருடத்துக்குப் பத்தாயிரம் சம்பாதிக்கும். ஹெப்பகோடியில் ஒரு ரூபாய்க் கைமாத்துக்கு வரிசை நிற்கும். வருமான வரியும் பகுதி பகுதியாகத்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் சம்பளம் வாங்கும் எந்தப் பையனும் இதை உங்களுக்கு விளக்குவான்.

ஆனால் எங்கள் ஊரில் இன்னொரு வகையும் நடைமுறையில் இருந்தது. 2023 மே மாதம் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்த கட்டணத்தில், வீடுகளுக்கு 100 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.75 ரூபாய். நூற்றைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்த யூனிட்டுக்கும் 7 ரூபாய். 100 யூனிட்டுக்கு 475 கட்டிய வீடு, 101-க்கு 707 கட்டவேண்டியிருந்தது. இலவச மின்சாரத்திலும் 200-ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்டவேண்டும். ஆக இந்த ஊர்க்காரனுக்கு ஸ்லாப் என்றால் இரண்டு பொருளும் பழக்கம். எங்களிடம் வாங்கும்போது முழுவதற்கும், எங்களுக்குக் கொடுக்கும்போது பகுதிக்கு மட்டும். எதை நினைத்து உங்கள் அட்டவணையைப் படிப்பது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மின்வாரியம் பில்லிலாவது யூனிட்டையும் விலையையும் பிரித்துக் காட்டுகிறது. பாஸ்புக்கில் 'வட்டி' என்ற ஒரே சொல், பக்கத்தில் ஒரே எண்.

எனவே என் விண்ணப்பம் சிறியது. 7 சதவீதத்தைக் கேட்கவில்லை; அது எனக்குப் பழக்கமில்லாத உணவு. அட்டவணையின் அடியில், 'ஒவ்வொரு விகிதமும் அந்தந்தக் கட்டத்துக்குள் விழும் பகுதிக்கு மட்டும்' என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, 3 லட்சத்துக்கும் 6 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் வருடத்தில் கையில் வரும் ரூபாயை எழுதுங்கள். 3 லட்சத்துக்கு 13,000, 6 லட்சத்துக்கு 30,000, 10 லட்சத்துக்கு 58,000. நானே கணக்குப் போட்டுத் தந்துவிட்டேன். உங்கள் சிஸ்டத்துக்குச் சிரமம் வேண்டாம். 10 லட்சம் போட்டவருக்கும் சராசரி 5.8 தான் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால்தான் போடமாட்டீர்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் அடித்துச் சொல்கிறார்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம் என்று விதி இருக்கிறது. எழுதுவேன். கூடவே பேனரின் புகைப்படத்தையும் இணைப்பேன், நட்சத்திரம் தெளிவாகத் தெரியும்படி. நீங்கள் முந்திக்கொண்டு நட்சத்திரத்தைக் கழற்றிவிடாதீர்கள். அந்தப் பேனரில் உண்மை பேசுவது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் ஒரு லட்சம் ரூபாயை மட்டும் உங்கள் மூன்றாம் கட்டத்தில் உட்கார வைத்திருந்த வாடிக்கையாளன்,
ஹெப்பகோடி.