பொருளாளரின் வண்ணத்தாள்

அடுக்ககச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் பொருளாளர் எக்ஸெலில் போட்டு அனுப்பினால், அதில் கூட்டல் பிழை தேடுவோர் பலர். படிக்க முடிகிறதா என்று பார்ப்போர் எவருமில்லை. பொதுக்குழுவில் வெடிக்கும் சண்டையில் பாதிக்கு இதுவே காரணம்.

சோதனை எண்களில் தொடங்க வேண்டும். பெயின்ட் செலவு 1245000 என்று மொட்டையாக நின்றால் உறுப்பினர்கள் விரல்விட்டு இலக்கம் எண்ணுவார்கள். காற்புள்ளி இட்டாலும் நிம்மதியில்லை. கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து அதே தொகை சென்னையில் 12,45,000 என்றும், அமெரிக்காவிலிருக்கும் வீட்டு உரிமையாளருக்கு 1,245,000 என்றும் தெரியும். எங்கும் லட்சக் கணக்கே தெரிய, Format Cells-இல் Custom பகுதியில் இதை இடலாம்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இதற்கும் ஒரு குறை உண்டு: கழித்தல் தொகைகள் மூன்றாம் பகுதிக்குப் போய்விடுவதால், பற்றாக்குறை மட்டும் அமெரிக்கப் பாணியிலேயே தெரியக்கூடும்.

பைசாவை மறைப்பதில் இன்னொரு வம்பு. 33.40 மூன்று முறை வந்தால் திரையில் 33, 33, 33 என்றும் கூட்டுத்தொகை 100 என்றும் தெரியும். அந்த ஒரு ரூபாய் யார் பையில் போயிற்று என்று கேட்க ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார். பைசாவைக் காட்டிவிடுவது மலிவு. அல்லது ROUND கொண்டு மதிப்பையே முழு ரூபாயாக்க வேண்டும்.

அடுத்தது தலைப்பு வரிசை. முதல் வரிசையில் சங்கத்தின் பெயர், இரண்டாவதில் ஆண்டு, மூன்றாவதில்தான் தலைப்புகள் என்றிருக்கையில் Freeze Top Row அழுத்தினால் சங்கத்தின் பெயர் மட்டும் உறையும். தொண்ணூறாம் வரிசையில் இருப்பவருக்குத் தாம் எந்தச் சங்கம் என்பது ஐயமின்றித் தெரியும். எதிரிலுள்ள 2,500 தண்ணீர் லாரிக்கா ஜெனரேட்டர் டீசலுக்கா என்பது தெரியாது. B4 கட்டத்தில் நின்று View பகுதியில் Freeze Panes கொடுத்தால் மேலே மூன்று வரிசைகளும் இடப்பக்கம் வீட்டு எண்ணும் நகராமல் நிற்கும். இது திரைக்கு மட்டுமே. அச்சில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வர, Page Layout-இல் Print Titles தனியே அமைக்க வேண்டும்.

கடைசியாக வண்ணம். கட்டியவருக்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு, பாதி கட்டியவருக்கு மஞ்சள், வாக்குவாதம் செய்தவருக்கு இளஞ்சிவப்பு என்று தாள் கோலப்போட்டியாகிவிடும். கையால் பூசிய நிறத்தை SUMIF அறியாது. பணம் கட்டிய பிறகும் சிவப்பு தானாகப் போகாது. கட்டியவர் சண்டைக்கு வருவார். அறிவிப்புப் பலகையின் கறுப்பு வெள்ளை நகலிலோ எல்லோரும் ஒரே சாம்பல். ‘நிலை’ என்றொரு பத்தி சேர்த்து ‘பாக்கி’ என்று எழுதி, அந்தச் சொல்லுக்கு மட்டும் Conditional Formatting வழியே வெளிர்நிறம் தரலாம். சொல் மாறினால் நிறமும் மாறும். பாக்கியைக் கூட்டவும் முடியும்.

வண்ணம் முழுவதையும் நீக்கிப் பார்க்கும்போதும் செய்தி குறையாத தாளே தேறியது. தேறாததைப் பொதுக்குழுவுக்கு முந்தைய நாளே திருத்துவது பொருளாளருக்கு நல்லது.