வொய்ஸ்காரர்

வியாபாரச் செய்தி எதுவானாலும் வட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்புகிறவர் வொய்ஸ்காரர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. பழுகாமத்தில் பெரும்பாலும் நெல் வாங்கி, குற்றி, அரிசியாக்கிக் கொழும்புக்கு ஏற்றுகிறவராக இருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப்பையில் இரண்டு கைபேசி. மின்னஞ்சல் முகவரியும் உண்டு, பெயர் அட்டையில் அச்சாகியும் இருக்கிறது. கடவுச்சொல் மட்டும் கட்டாரில் வேலை செய்யும் மருமகனிடம் இருக்கிறது.

இவரை முதலில் அடையாளம் காட்டுவது காலை வணக்கம். பழுகாமம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. சூரியன் எழுவான்கரைப் பக்கம் தலைகாட்டுமுன், நாலே முக்காலுக்கு, தாமரைப்பூவும் பிள்ளையாரும் சேர்ந்த படமொன்று அறுபது பேருக்குப் போய்விடும். அறுபது பேரில் மைத்துனரும் உண்டு, வங்கி முகாமையாளரும் உண்டு, கொழும்பு நிறுவனமொன்றின் கொள்வனவு அதிகாரியும் உண்டு. மைத்துனர் பதில் படம் அனுப்புவார். கொள்வனவு அதிகாரி அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுவார். அதன்பின் லொறி பழுதானதென்ற உண்மையான அவசரச் செய்தியும் ஓசையில்லாமல் போய்க் கிடக்கும்.

இரண்டாவது அடையாளம் துண்டு துண்டாக அனுப்புவது. "மிஸ்" என்று ஒன்று. "வணக்கம்" என்று ஒன்று. "ஒரு விசயம்" என்று ஒன்று. பிறகு பத்து நிமிடம் சத்தமே இல்லை. என்ன விசயமென்று அந்தப் பக்கம் காத்திருக்க, இந்தப் பக்கம் நெல் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரே செய்தியில் வணக்கமும் விசயமும் வேண்டிய பதிலும் அடங்கினால் கைபேசி ஒருமுறைதான் ஒலிக்கும். படித்தவருக்கும் ஒரே பதிலில் வேலை முடியும்.

இனி குரல். கொள்வனவு அதிகாரி 25 கிலோ பையில் 200 பை நாட்டரிசிக்கு விலை கேட்கிறார். வொய்ஸ்காரர் ஆலை வாசலில் நின்று மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசுகிறார். முதல் ஒரு நிமிடம் சுகம் விசாரிப்பு. அடுத்தது மழை, வெள்ளம், இந்தப் பெரும்போகம் கெட்ட கதை. "மறுகா என்னெண்டா மிஸ்" என்று தொடங்கும் பகுதியில்தான் விலை வருகிறது. அந்த நேரம் பார்த்து ஆலை இயந்திரம் உறுமுகிறது. அவர் சொன்னது கிலோ இருநூற்று முப்பது. "முப்பது" என்ற சொல்லின் தலையை இயந்திரம் விழுங்கிவிட, கொழும்பில் கேட்டது "பத்து". 5,000 கிலோவுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் வித்தியாசம் ஒரு இலட்சம் ரூபாய். அரிசி போய்ச் சேர்ந்து, பில் போன பிறகுதான் இரு பக்கமும் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கின்றன. கேட்கக் கேட்க அவருக்கு முப்பதாகவும் அவர்களுக்குப் பத்தாகவுமே கேட்கிறது.

இங்கேதான் எதை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஓடி வரவேண்டிய செய்தி வட்ஸ்அப்புக்கு. தேடி எடுக்கவேண்டிய செய்தி மின்னஞ்சலுக்கு. "லொறி பட்டிருப்புப் பாலம் தாண்டிவிட்டது, நாளை காலை 6 மணிக்கு வந்து சேரும்" என்பது நாளை மத்தியானத்தோடு செத்துப்போகும் செய்தி. அதை மின்னஞ்சலில் அனுப்பினால் அரிசி இறங்கிய பிறகே படிப்பார்கள். விலை, அளவு, தவணை, பில் ஆகியவை அப்படியல்ல. ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வாளர் கேட்பார். கொள்வனவு அதிகாரி இடம் மாறிப் போனால், அவருடைய கைபேசியும் அதிலுள்ள அரட்டையும் அவரோடு போய்விடும். நிறுவனத்தின் மின்னஞ்சல் பெட்டி அங்கேயே இருக்கும். அந்த விலையை "விலைமனு: நாட்டரிசி, 25 கிலோ × 200 பை" என்ற தலைப்போடும், கிலோவுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, எந்தத் திகதிவரை இந்த விலை என்ற மூன்று வரியோடும் அனுப்பியிருந்தால் ஆலை இயந்திரத்துக்கு அதில் வாய் வைக்க இடமிருந்திருக்காது. அனுப்பிய பின், "மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவது முறைதான்.

வட்ஸ்அப்பில் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தல்ல என்பது வொய்ஸ்காரரின் உறுதியான நம்பிக்கை. சட்டம் அப்படி நினைக்கவில்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியின் செல்லுபடியை மறுக்க முடியாது என்கிறது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 2021இல் தானியம் வாங்கும் நிறுவனமொன்று ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயி ஒருவருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பி, உறுதிப்படுத்தச் சொன்னது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் பதிலாகப் போட்டார். விலை ஏறியது, விதை வரவில்லை. கிடைத்தது என்பதற்குத்தான் விரல் காட்டினேன் என்றார் விவசாயி. அந்த விரல் கையொப்பந்தான் என்று 2023இல் நீதிமன்றம் தீர்த்தது. நட்டஈடு 82,000 கனடிய டொலருக்கு மேல். வொய்ஸ்காரர் ஒரு நாளைக்குக் காட்டும் விரல்களை எண்ணிப் பார்த்தால், ஆலையையே எத்தனை தரம் எழுதிக் கொடுத்திருப்பார் என்று சொல்ல முடியாது. "கிடைத்தது, பார்த்துவிட்டு நாளை பதில் தருகிறேன்" என்று எழுதினால் விரலுக்கு அந்த ஆபத்தில்லை.

எழுதியது பிழைத்தால் அழித்துவிடலாம் என்பது அவருடைய இன்னொரு தைரியம். வட்ஸ்அப்பில் திருத்துவதற்கு 15 நிமிட அவகாசமுண்டு. அதற்குள் திருத்தினால் திருத்தப்பட்டது என்ற குறிப்போடு காரியம் முடிந்துவிடும். அவரோ திருத்தாமல் அழிப்பார். அழித்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டதென்ற வரி நின்று, இவர் எதையோ மறைக்கிறார் என்று அறிவிக்கும். ஒரு காலையில் நான்கு முறை அழித்தவரிடம் விலை பேச யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

மரியாதை விசயத்தில் வொய்ஸ்காரருக்கு இரண்டே எல்லைகள். வட்ஸ்அப்பில் மூன்றாம் நாளே "மிஸ்" தேய்ந்து "தங்கச்சி" ஆகிவிடும். மின்னஞ்சல் என்றால் மருமகனைப் பிடித்து, அரசாங்க அதிபருக்கு மனு எழுதும் நடையில் "தாழ்மையுடன் சமர்ப்பித்து" நிற்பார். இரண்டுக்கும் நடுவில் ஓர் எளிய அளவுகோல் உண்டு: அந்த அலுவலகத்துக்கு நேரில் போய் நின்றால் எப்படிப் பேசுவாரோ அப்படி. மிஸ் மிஸ்ஸாகவே இருக்கட்டும், வாக்கியம் குறுகட்டும். அலுவலக நேரம் முடிந்தால் லொறி கவிழ்ந்தாலொழிய மறுநாள் பார்க்கலாம். காசு தராதவரைப் பற்றி ஸ்டேட்டஸில் தத்துவம் போடுவதும் வேண்டாம்; தராதவர் பார்க்கமாட்டார், தருகிறவர்களெல்லாம் பார்த்துத் தங்களைத்தான் சொல்கிறாரோ என்று யோசிப்பார்கள்.

ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைத்ததன் பலன் 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அன்று நாட்டில் சமூக ஊடகங்களோடு வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டது. மின்னஞ்சலுக்குத் தடையில்லை. அன்றைக்குத்தான் வொய்ஸ்காரர் கட்டாருக்கு அழைப்பெடுத்துக் கடவுச்சொல்லை வாங்கி, வாழ்நாளில் முதன்முறையாகத் தன் கையால் ஒரு மின்னஞ்சல் எழுதினார். தலைப்பு இல்லை. உள்ளே ஒரே வரி: "வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டிருக்கன், கேளுங்க மிஸ்."