உதறலுக்குப் பத்துக்குப் பத்து

ஷோரூம் மேலாளர் அவர்களுக்கு,

ராயப்பன்பட்டியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன என் ஆட்டோமேட்டிக் கார் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. டயருக்குக் கறுப்பு பாலிஷ், உள்ளே மல்லிகை வாசனை, மிதியடிக்கு மேல் புதுக் காகிதம். கியர்பாக்ஸ் உதறலை மட்டும் யாரும் தொடவில்லை. அது பத்திரமாக இருக்கிறது.

உத்தமபாளையம் பஜாரில் திராட்சை லோடு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தால், முதல் கியர் இரண்டாவதுக்கு மாறும் நேரத்தில் கார் அருள் வந்ததுபோல் ஆடுகிறது. கம்பம்மெட்டு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாலும் அதே ஆட்டம். நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச்சைத்தானே? உங்கள் ஆட்களோ லேப்டாப்பைச் செருகி சாஃப்ட்வேர் ஏற்றுகிறார்கள். நாலு நாள் அடங்குகிறது, பிறகு பழைய கதை. ஜாப் கார்டிலோ "குறை எதுவும் தென்படவில்லை" என்று எழுதுகிறார்கள். ஆளில்லாத நாலுவழிச் சாலையில் எண்பதில் ஓட்டிப் பார்த்தால் எப்படித் தென்படும்?

இது உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். தட்டுகள் காய்ந்திருக்க வேண்டும். ஷாஃப்ட் சீல் கசிந்து எண்ணெய் பட்டால், ஊர்ந்து போகும்போது தட்டு ஒரு கணம் பிடித்து மறுகணம் வழுக்கும். சாஃப்ட்வேரால் பிடிக்கும் இடத்தை மாற்றிக் கணக்குப் போட முடியும், எண்ணெயைத் துடைக்க முடியாது. கியர்பாக்ஸை இறக்கித் தட்டையும் சீலையும் கண்ணால் பார்க்க வேண்டும். அது பெரிய வேலை. டயருக்கு பாலிஷ் போடுவது சின்ன வேலை.

கடைசியாக உங்கள் அட்வைசர் சொன்னார்: "சார், உங்க டிரைவிங் ஸ்டைல் அப்படி." இந்த வசனம் ஏற்கெனவே கடல் கடந்து பேசப்பட்டதுதான். ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் உதறுகிறது என்று வந்தவர்களிடம், குறை இருப்பது தெரிந்தும் ஓட்டும் விதத்தைத்தான் ஃபோர்டு காரணம் காட்டியது. 2018-இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. வசனத்தின் விலை உங்கள் அட்வைசருக்குத் தெரிந்திருக்காது.

வண்டியை எடுத்து வந்த மறுநாளே உங்கள் சர்வீஸ் சென்டர் பிள்ளையிடமிருந்து மதிப்பெண் கேட்டுப் போன் வருகிறது: "பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார், இல்லாட்டி எங்க சம்பளத்துல கை வைப்பாங்க." அந்தப் பிள்ளைக்காகப் போட்டேன். அதைக் காட்டி உங்களுக்கு விருது கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

இனி வேண்டியது இதுதான். வாரண்டி முடிவதற்குள் என் முன்னிலையில் கியர்பாக்ஸை இறக்குங்கள். பார்த்ததை ஜாப் கார்டில் எழுதுங்கள். கெட்ட பாகத்தை மாற்றுங்கள். 15 நாள் தருகிறேன். தவறினால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சந்திப்போம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வண்டியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். 10 முதல் 20 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் 400 ரூபாய். உங்கள் வீல் அலைன்மென்ட் பில் அதைவிட அதிகம்.