வீட்டுக் கேக்கின் கிலோ கணக்கு

பேக்கரியில் பிறந்தநாள் கேக் கிலோ 700 ரூபாய். பகல் கொள்ளை! வீட்டிலோ மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா கால் கிலோ, முட்டை 5. ஒரு கிலோ மாவு, 250 ரூபாய்தான். ஓவனும் பீட்டரும் வாங்கிய 9,000 ரூபாய் முதலீடு. அதைச் செலவில் சேர்ப்பவருக்குக் கணக்கு தெரியாது.

எடையை மாவாக இருக்கும்போதே போட்டுவிடுவது உத்தமம். வெந்தால் ஈரம் போய் எடை குறையும், கிலோ விலை ஏறிவிடும். பொறுமையின்றி இடையில் ஓவனைத் திறந்தால் கேக் நடுவே அமுங்கும். அமுங்கட்டுமே, பள்ளம் விழுந்தால் எடையா குறைகிறது? அதை நிரப்பும் 200 ரூபாய் கிரீம், அலங்காரச் செலவு.

விருந்தினர் வரும் நேரத்தில் பேக்கரியிலிருந்தும் ஒரு கிலோ வந்துவிடும். அதனால் என்ன? இரண்டையும் சேர்த்துச் சராசரி பாருங்கள்: கிலோ 475. அந்த விலைக்கு எந்தப் பேக்கரி தரும்?