குறியீடு 21

களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளையில் தொடங்கி, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரைக்கும் சாலையோரக் கடைகளை விடியுமுன் திறப்பது யார் என்று முதல் பஸ் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். பலகையில் அண்ணன் பெயர் இருக்கும், பஞ்சாயத்து லைசென்ஸும் அண்ணன் பெயரில்தான். அடுப்பு மூட்டுவது, பால் வாங்குவது, ஏத்தன் குலையைக் கயிற்றில் தொங்கவிடுவது, கடன் நோட்டில் யார் எத்தனை நாள் பாக்கி என்று மனப்பாடமாகச் சொல்வது எல்லாம் அக்கா. அண்ணன் ஒன்பது மணிக்கு வந்து பேப்பர் படிப்பார்.

அரசாங்கத்துக்கு அந்த அக்காவைத் தெரியாது என்று சொன்னால் அது வீண்பழி. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் அவருக்கென்று ஓர் எண்ணே இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு 11, ஆள் வைத்து நடத்துகிறவருக்கு 12, மாதச் சம்பளக்காரருக்கு 31. குடும்பக் கடையிலோ வயலிலோ சம்பளமில்லாமல் உழைக்கிறவருக்கு 21. இந்தியக் கிராமங்களில் வேலை செய்கிற பெண்களில் ஐந்தில் இருவர் இந்த 21-தான். பெண்கள் வேலைக்கு வருவது கூடிவிட்டது என்று டெல்லியில் மார்தட்டும்போது அக்கா உழைப்பாளி. பென்ஷன் கேட்டு மனுவோடு போனால் வீட்டம்மா.

வயது 48 என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் பின்னால் மாமனார் பெயரில் 40 சென்ட் நிலம், அதில் ஏத்தனும் மரச்சீனியும். கடையும் வயலும் இவர் கையில். இனி இவரோடு ஒவ்வொரு கவுண்டராகப் போய் வருவோம்.

முதல் கவுண்டர், 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. அமைப்புசாராத் தொழிலாளி உள்ளே வர அதில் மூன்று வாசல் வைத்திருக்கிறார்கள். கூலிக்கு வேலை செய்கிறவர் வரலாம், ஆனால் அக்காவுக்குக் கூலி இல்லை. வீட்டிலிருந்தே பொருள் செய்து ஊதியம் வாங்குகிறவர் வரலாம், அந்த ஊதியமும் இல்லை. சுயதொழில் செய்கிறவர், குறிப்பிட்ட வரம்புக்குள் மாத வருமானமோ சாகுபடி நிலமோ இருந்தால், வரலாம். நிலம் மாமனாருடையது. பூஜ்யமும் வரம்புக்கு உட்பட்ட வருமானம்தானே என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதாடலாம். வக்கீல் ஃபீஸைக் கல்லாவிலிருந்துதான் எடுக்க வேண்டும், கல்லா அண்ணனுடையது.

அட்சயா மையத்துக்குப் போனால் இ-ஷ்ரம் அட்டை கிடைக்கும். என்ன தொழில் என்று நாமே சொல்லிக்கொள்ளலாம், பன்னிரண்டு இலக்க எண்ணும் வரும். அட்டை கையில் இருப்பதாலேயே பென்ஷன் வந்துவிடாது. அதற்குப் பிரதமர் ஷ்ரம் யோகி மாந்தன் என்று தனித் திட்டம். மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அறுபதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். சேர வயது 40-க்குள் இருக்க வேண்டும். திட்டம் வந்தது 2019-இல். அக்கா அதற்குப் பல வருடம் முன்பே கல்லாவுக்கு வந்துவிட்டார், அது அவர் செய்த அவசரம்.

விபத்துக் காப்பீடு உண்டே என்பார்கள். உண்டு. வருடம் 20 ரூபாய் கட்டினால் சுரக்ஷா பீமாவில் 2 லட்சம். ஆனால் அது வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கான காப்பீடு. கல்லாவில் நின்றதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சரி, கேரளத்துக்கு வருவோம். விவசாயத் தொழிலாளிக்கு 1980-லேயே மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொடுத்த மாநிலம், அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் இங்கே விவசாயத் தொழிலாளி என்றால் நில உடைமையாளரிடம் கூலி வாங்குகிறவர். அக்காவுக்கு மாமனார் கூலி கொடுத்ததில்லை, சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டால் வசவு கொடுப்பார். விவசாயிக்கான 2019-ஆம் ஆண்டு கர்ஷக க்ஷேமநிதிச் சட்டமோ 5 சென்டிலிருந்து 15 ஏக்கர் வரை கைவசம் உள்ளவரைத் தேடுகிறது. அக்கா கையில் இருப்பது மண்வெட்டி. கடைத் தொழிலாளர் க்ஷேமநிதியில் முதலாளியும் தொழிலாளியும் பங்கு கட்ட வேண்டும். "சேச்சி, முதலாளி ஆரு?" என்று அங்கே கேட்பார்கள். "வீட்டுக்காரர்" என்றால் சிரிப்பார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்று தனி. அதே அக்கா தொழிலுறப்புக்குப் போய்ச் சாலையோரம் புல் வெட்டினால் கூலியும் உண்டு, 2021-இல் கேரளம் சட்டம் போட்டு உருவாக்கிய க்ஷேமநிதியும் உண்டு. பத்தடி தள்ளி, அதே மண்வெட்டியால், தன் வீட்டு வாழைத் தோட்டத்தில் அதே புல்லை வெட்டினால் அது பாசம்.

சட்டத்துக்குக் குடும்பக் கடை கண்ணில் படாமலும் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று துல்லியமாக எழுதினார்கள். வருமான வரிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். அண்ணன் மனம் திருந்தி அக்காவுக்குச் சம்பளம் எழுதினால், அக்காவிடம் தொழில்நுட்பத் தகுதி ஏதும் இல்லாத வரை, அந்தச் சம்பளத்தை அண்ணன் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும் விதி இருக்கிறது. விலக்குத் தரவும் வரி போடவும் குடும்பம் கண்ணுக்குத் தெரிகிறது. பென்ஷன் தரும் நாளில் மட்டும் சாளேசுரம்.

பிரான்சில் 2005-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கடையிலோ பட்டறையிலோ தொடர்ந்து உழைக்கும் மனைவியோ கணவனோ கூட்டுழைப்பாளி, சம்பளக்காரர், பங்குதாரர் என்ற மூன்றில் ஒன்றாகப் பதிவு பெற்றாக வேண்டும், ஓய்வூதியத்துக்குப் பணமும் கட்டியாக வேண்டும். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். உள்ளூரிலேயே ஒரு வழி இருக்கிறது.

அடுத்தடுத்து இரண்டு கடை. இந்தக் கடை அக்கா அந்தக் கடையில் நிற்கட்டும், அந்தக் கடை அக்கா இங்கே வரட்டும். இந்த அண்ணன் அந்த அக்காவுக்கும், அந்த அண்ணன் இந்த அக்காவுக்கும் ஒரே தொகையைச் சம்பளமாகக் கொடுக்கட்டும். சாயங்காலம் இரண்டு வீட்டிலும் கணக்கு நேர். ஆனால் ஒரே நாளில் இரண்டு தொழிலாளிகள் பிறந்திருப்பார்கள், க்ஷேமநிதிக்கு இரண்டு உறுப்பினர் சேர்ந்திருப்பார்கள். அதே தேயிலை, அதே கண்ணாடி கிளாஸ், அதே கால்வலி. இடையூறு ஒன்றுதான். அடுத்த வீட்டு அக்காவைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி ராத்திரி பத்து வரை நிற்கவைக்க எந்த அண்ணனுக்கும் துணிச்சல் வராது.

2025 அக்டோபரில் கேரள அரசு, வேறு பென்ஷன் எதுவும் வாங்காத 35 முதல் 60 வயது ஏழைப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தது. நல்லது, வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அது ஏழ்மைக்கான உதவி, ரேஷன் கார்டின் நிறத்தைப் பார்த்து வருவது. உழைத்த வருடங்களை அங்கேயும் யாரும் எண்ணுவதில்லை.

எண்ணும் இடம் ஒன்று உண்டு. கடை நிற்பது நெடுஞ்சாலையின் ஓரம். கடைக்குச் சாமான் வாங்கச் சாலையைக் கடக்கும்போது லாரி அடித்து அக்கா செத்துப்போனால் வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல், இறந்தவருக்கு வருமானமே இல்லை என்பார். அங்கே அது எடுபடாது. வீட்டில் உழைக்கும் பெண்ணின் வேலைக்கும் விலை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் லதா வாத்வா வழக்கிலும் 2021-இல் கீர்த்தி வழக்கிலும் சொல்லிவிட்டது. எனவே மாத வருமானம் இவ்வளவு என்று மதிப்பிடுவார்கள், வயதைப் பார்த்துப் பெருக்குவார்கள், வட்டியும் சேர்ப்பார்கள். கடைசியில் அக்காவின் சம்பளம் ஒரு வழியாக நிர்ணயமாகும். வாரிசு என்ற முறையில் அதை வாங்கிக் கையெழுத்துப் போட வருபவர்களில் முதல் ஆள் அண்ணன்.