ஒரே சாயங்காலத்தில் குடும்ப ஜோதிடர் ஆவது எப்படி?

முதலில் ஜாதக நோட்டில் மஞ்சள் தடவிய முதல் பக்கத்தைத் தாண்டுங்கள். அந்தக் கட்டத்தில் கிரகம் எந்த வீட்டில் இருக்கிறது என்றுதான் இருக்கும்; வீட்டுக்குள் எந்த மூலையில் என்பது இருக்காது. நமக்கு வேண்டியது பின்னால் வரும் கிரக ஸ்புடம். அதில்தான் பாகை இருக்கிறது. மேல்நாட்டு ஜோதிடத்தின் பார்வைகள் எல்லாமே பாகைக் கணக்கு. ஜாதகத்தைக் கொண்டுவந்தவர் எதிரிலேயே பக்கத்தைப் புரட்டி, "கட்டத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?" என்று முனகுங்கள். பாதி மரியாதை அங்கேயே வந்துவிடும்.

இரண்டு கிரகங்களுக்கு இடையே 0 பாகை என்றால் சேர்க்கை, 90 என்றால் சதுரம், 120 என்றால் திரிகோணம், 180 என்றால் எதிர்ப்பார்வை. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே சொல்லும். திதி என்பதே சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள தூரம்தானே, ஒரு திதிக்கு 12 பாகை. அமாவாசை முடியும் கணத்தில் இரண்டும் சேர்க்கை. வளர்பிறை அஷ்டமியின் நடுவில் சதுரம். தசமி முடியும்போது திரிகோணம். பௌர்ணமி முடியும்போது நேருக்கு நேர். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று பாட்டி சொன்னதை, 'சூரிய சந்திர சதுரம், மனசுக்குள் இழுபறி' என்று மாற்றிச் சொன்னால் ஆலோசனைக் கட்டணம் வாங்கலாம்.

பலன் சொல்வதில் சிரமமே இல்லை. சேர்க்கை என்றால் இரண்டும் ஒரே குரலில் பேசும். சதுரம் என்றால் உரசல், எதிர்ப்பார்வை என்றால் கயிறு இழுக்கும் போட்டி, திரிகோணம் என்றால் தானாக வரும் சுகம். திரிகோணம் இருந்தும் ஆள் உருப்படவில்லையா? "சுகம் சோம்பலாகிவிட்டது" என்று சொல்லுங்கள். சதுரம் இருந்தும் கொழிக்கிறாரா? "உரசல்தான் உந்துதல்." இந்த இரண்டு வாக்கியங்களையும் மேல்நாட்டுப் புத்தகங்களே தாராளமாகத் தருகின்றன.

இனி, கையில் உள்ள ஜாதகம். செவ்வாய் மேஷத்தில் 28 பாகை, சனி கன்னியில் 1 பாகை என்று வைத்துக்கொள்வோம். மேஷம் முதல் ராசி, எனவே செவ்வாய் 28. கன்னிக்கு முன் ஐந்து ராசிகள் போய்விட்டன, தலைக்கு 30. 150-உடன் ஒன்று, சனி 151. கழித்தால் 123. (விடை 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழிக்க வேண்டும்.) 120-க்கு 3 பாகை அதிகம்தான், ஆனால் விலகலுக்கு ஒரு சலுகை உண்டு. 'ஆர்ப்' என்பார்கள். ஒருவர் 6 பாகை தருவார், ஒருவர் 8, சூரிய சந்திரருக்கு மட்டும் 10 தருபவரும் உண்டு. எனவே இது திரிகோணம். "செவ்வாயின் வேகம், சனியின் நிதானம், இரண்டும் கைகோத்திருக்கின்றன" என்று சொல்லிவிட்டுக் காபிக்குக் கை நீட்டுங்கள்.

உள்ளூர் ஜோதிடர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வது நல்லது. அவர் வீடு எண்ணுவார். மேஷத்துக்குக் கன்னி ஆறு, கன்னிக்கு மேஷம் எட்டு: சஷ்டாஷ்டகம்! செவ்வாய் பார்ப்பது 4, 7, 8. சனி பார்ப்பது 3, 7, 10. இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீங்கள் கைகோக்க வைத்த ஜோடி அவரிடம் பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளிகள்.

அப்போது அயனாம்சத்தை இழுங்கள். மேல்நாட்டார் ராசி தொடங்கும் இடமே வேறு. வித்தியாசம் இன்றைக்குச் சுமார் 24 பாகை. இரண்டு கிரகத்தோடும் 24 கூட்டினால் செவ்வாய் ரிஷபம் 22, சனி கன்னி 25. ஒன்றுக்கு மற்றது ஐந்தும் ஒன்பதும், கட்டப்படியே திரிகோணம். இரண்டும் ஒரே அளவு நகர்ந்ததால் நடுவில் உள்ள 123 அசையவில்லை. ஒரே வானம், ஒரே தூரம், ஒரு பக்கம் சுபம், மறுபக்கம் பகை. குடும்பத்துக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்வையே கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். சூரியன் முதல் புளூட்டோ வரை பத்தை எடுத்தால் 45 ஜோடிகள். 8 பாகை சலுகை கொடுத்தால், வட்டத்தின் 360 பாகையில் இந்த நாலு பார்வைகளும் 96 பாகையை அடைத்துக்கொள்ளும். அதாவது ஒரு ஜாதகத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பார்வைகள் தேறும். நல்லதும் கெட்டதும் கலந்தே கிடைக்கும். நடந்த சம்பவத்துக்கு ஏற்றது அதில் ஒன்று இல்லாமல் போகாது.

மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. பூமியிலிருந்து பார்க்கும்போது புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை, சுக்கிரன் 48-ஐத் தாண்டுவதில்லை. அவர்களுக்குச் சூரியனோடு சேர்க்கை மட்டுமே உண்டு. சூரியனுக்கும் புதனுக்கும் சதுரம், அதனால்தான் பையனுக்குக் கணக்கு வரவில்லை என்று யாராவது சொன்னால், தட்டில் வைத்த தட்சிணையைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.